கேஎம்எஸ் சாவி மூன்று விதம்: போனால் எது திரும்பும், எது திரும்பாது

ஏடபிள்யூஎஸ்ஸில் தரவை நம் சொந்தச் சாவியால் பூட்டுவது என்று முடிவெடுத்ததும் வரும் அடுத்த கேள்வி, அந்தச் சாவி எங்கே பிறக்கிறது என்பது. ஏடபிள்யூஎஸ்ஸின் சாவி மேலாண்மைச் சேவையான கேஎம்எஸ்ஸே உருவாக்கித் தரலாம். நாம் வெளியே உருவாக்கி உள்ளே இறக்குமதி செய்யலாம். அல்லது சாவிகளைக் காக்கும் தனிக் கருவியான நம் எச்எஸ்எம்மிலேயே சாவியை வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் கேஎம்எஸ் வந்து கேட்கும்படி செய்யலாம். தணிக்கைப் படிவத்தில் மூன்றுக்கும் ஒரே டிக்தான். சாவி முடங்கும் நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். கேஎம்எஸ் சாவி நம் தரவை நேரடியாகப் பூட்டுவதில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு டேட்டா கீ உண்டு. தரவைப் பூட்டுவது அதுதான். அந்த டேட்டா கீயைப் பூட்டி, தரவுக்குப் பக்கத்திலேயே வைப்பதுதான் கேஎம்எஸ் சாவியின் வேலை. ஆகவே கேஎம்எஸ் சாவி போனால், தரவு ஒரு பைட் குறையாமல் அப்படியே இருக்கும், திறக்கத்தான் வழி இருக்காது.

ஒரு சாவியின் கீழ் ஓர் எஸ்3 பக்கெட், ஓர் ஆர்டிஎஸ் தரவுத்தளம், ஓடும் சர்வரில் மாட்டிய 500 ஜிபி இபிஎஸ் வால்யூம் என்று மூன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாவியை முடக்கினால் எஸ்3 கிட்டத்தட்ட உடனே சொல்லிவிடும்: பொருளைப் படிக்கப் போனால் `KMS.DisabledException` வரும். அடிக்கடி கேஎம்எஸ்ஸிடம் கேட்பதைக் குறைக்கும் பக்கெட் கீ வசதி இருந்தால் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். ஆர்டிஎஸ் நின்றுபோய் `inaccessible-encryption-credentials-recoverable` என்ற நிலைக்குப் போகும். ஏழு நாளுக்குள் சாவியை உயிர்ப்பித்தால் தரவுத்தளத்தை மறுபடி ஸ்டார்ட் செய்யலாம். தாண்டினால் அந்த இன்ஸ்டன்ஸ் அவ்வளவுதான், பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்தப் பேக்கப்பைத் திறக்கவும் இதே சாவி வேண்டும் என்பதைப் பலர் அந்த நேரத்தில்தான் உணர்கிறார்கள்.

இபிஎஸ்தான் ஏமாற்றும். வால்யூமை மாட்டும்போது ஒருமுறை கேஎம்எஸ்ஸிடம் கேட்டு டேட்டா கீயைத் திறந்து, சர்வரை ஓட்டும் ஹார்டுவேரின் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதன்பின் கேஎம்எஸ் பக்கமே போவதில்லை. சாவியை முடக்கினாலும், அழித்தேவிட்டாலும், எழுதுவதும் படிப்பதும் தடங்கலின்றி நடக்கும். சர்வரை ஸ்டாப் செய்து ஸ்டார்ட் கொடுக்கும்போது, அல்லது வால்யூமைக் கழற்றி மாட்டும்போதுதான் கதை முடியும். இன்னொரு வினையும் இதிலேயே இருக்கிறது. ‘இந்தச் சாவியை யாரும் தொடுவதில்லையே’ என்று, கணக்கில் நடப்பதைக் குறித்துவைக்கும் கிளவுட்ட்ரெயிலின் 90 நாள் பதிவைப் புரட்டுபவருக்கு, ஆறு மாதமாக நிற்காமல் ஓடும் சர்வரின் வால்யூம் ஒரு வரிகூடக் காட்டாது. பதிவில் இல்லை என்பதால் பயனில் இல்லை என்று ஆகாது.

கேஎம்எஸ் உருவாக்கிய சாவி. இதை உடனடியாக அழிக்கவே முடியாது. குறைந்தது 7, அதிகபட்சம் 30 நாள் கெடு. எதுவும் சொல்லாவிட்டால் 30. கெடு ஓடும்போதே சாவி வேலை செய்யாது என்பதால், தவறு செய்திருந்தால் எங்காவது பிழை கிளம்பி எச்சரிக்கும் என்பது எதிர்பார்ப்பு. மேலே சொன்ன இபிஎஸ் விஷயத்தில் அது கிளம்பாது. அதனால்தான் 7 நாள் கெடு வைப்பதை நான் ஏற்பதில்லை. கெடுவுக்குள் திரும்பப்பெற இரண்டு கட்டளைகள்:

```
aws kms cancel-key-deletion --key-id <KEY_ID>
aws kms enable-key --key-id <KEY_ID>
```

முதல் கட்டளையோடு நிறுத்திவிடுபவர்கள் அதிகம். அழிப்பு ரத்தாகும், ஆனால் சாவி `Disabled` நிலையில்தான் திரும்பி வரும். கெடு தாண்டியபின் ஏடபிள்யூஎஸ் ஆதரவுக் குழுவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கெடு தாண்டியும் வால்யூம் மாட்டியபடியே இருந்தால் ஒரு வாய்ப்பு மிச்சம். சர்வரை ஸ்டாப் செய்யாதீர்கள். ஸ்னாப்ஷாட் எடுப்பதும் வீண், அதுவும் செத்த சாவியால்தான் பூட்டப்பட்டிருக்கும். வேறு சாவியில் புது வால்யூம் உருவாக்கி, அதே சர்வரில் மாட்டி, மவுன்ட் செய்து, `rsync` மூலம் கோப்பு கோப்பாக நகலெடுக்க வேண்டும். பழைய வால்யூமிலிருந்து படிக்கும்போது தரவு திறந்த நிலையில் வருகிறது. எழுதும்போது புதுச் சாவியால் பூட்டப்படுகிறது.

இறக்குமதி செய்த சாவி. இங்கே நாம் உருவாக்கி இறக்கிய ரகசியமான மூலச்சாவியை மட்டும், கேஎம்எஸ் சாவியை விட்டுவிட்டு, தனியாக நீக்கலாம், அதற்குக் கெடு கிடையாது. `delete-imported-key-material` கொடுத்ததும் சாவி `PendingImport` நிலைக்குப் போய்விடும். இறக்கும்போது காலாவதித் தேதி வைத்திருந்தால், யாரும் எதுவும் செய்யாமலே அந்த நாளில் இது நடக்கும். சந்தேகம் வந்தால் உடனே கதவைச் சாத்த இது வசதி. திறக்க, அதே மூலச்சாவியை மறுபடி இறக்க வேண்டும். அதைப் பூட்டி அனுப்ப உதவும் பொதிசாவியையும் இறக்குமதி டோக்கனையும் `get-parameters-for-import` மூலம் வாங்கினால் 24 மணி நேரம்தான் செல்லும். இறக்கிய மூலச்சாவியைத் திரும்ப எடுக்க கேஎம்எஸ்ஸில் வழியில்லை. அசல் நம்மிடம் இல்லாவிட்டால் தரவும் இல்லை.

பாதுகாப்பாக ஒரு பிரதி வைத்திருப்பவர்களும் விழும் குழி ஒன்று உண்டு. மூலச்சாவியை நீக்குவது வேறு, கேஎம்எஸ் சாவியையே அழிப்பது வேறு. பின்னதைச் செய்துவிட்டு, புதிதாக ஒரு கேஎம்எஸ் சாவி உருவாக்கி அதே மூலச்சாவியை இறக்கினாலும் பழைய தரவு திறக்காது. பூட்டிய டேட்டா கீ, அதைப் பூட்டிய குறிப்பிட்ட கேஎம்எஸ் சாவியோடு கட்டப்பட்டிருக்கிறது. பல ஏடபிள்யூஎஸ் பகுதிகளுக்குப் பொதுவாக உருவாக்கும் சாவிகள் மட்டும் விலக்கு: ஒன்று பூட்டியதை, வேறு பகுதியில் இருக்கும் அதன் இணைச் சாவி திறக்கும். பெட்டகத்தில் பிரதி இருக்கிறது என்ற தைரியத்தில் அழிப்பைக் கொடுத்துவிடக் கூடாது.

வெளிச் சாவிக் கிடங்கு. 2022 முதல் இருக்கும் வசதி. சாவி நம் எச்எஸ்எம்மை விட்டு வெளியே வராது. நடுவில் ஒரு பிராக்சி நின்று கேஎம்எஸ்ஸுக்குப் பதில் சொல்லும். பதில் 250 மில்லிசெகண்டுக்குள் வர வேண்டும், இல்லையென்றால் அந்த வேண்டுகோள் தோல்வி. இதனால் சாவி தொலையாமலேயே தொலைந்ததுபோல ஆகும் நாட்கள் வரும்: பிராக்சியின் சான்றிதழ் காலாவதி, இணைப்பு அறுந்தது, எச்எஸ்எம் பராமரிப்பு, எதுவானாலும் எஸ்3 படிப்பு நிற்கும், புது சர்வர் எழும்பாது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்கள் ஓடும் என்பதால் கோளாறு அரைகுறையாகத் தெரிந்து, தேடுபவர்களை நெட்வொர்க் பக்கம் அலையவிடும். இங்கே பூட்டும் இரட்டை: கேஎம்எஸ் தன் பங்குக்கு ஒருமுறை பூட்டியதை நம் சாவி மீண்டும் பூட்டுகிறது. கேஎம்எஸ் பக்கத்துச் சாவியை அழித்துவிட்டால், எச்எஸ்எம்மில் இருப்பதை மட்டும் வைத்துத் தரவைத் திறக்க முடியாது. எச்எஸ்எம்மில் இருப்பது போனாலோ, ஏடபிள்யூஎஸ்ஸிடம் அதன் பிரதி இருக்காது.

சட்டமோ ஒப்பந்தமோ ‘சாவி வெளியே போகக்கூடாது’ என்று கட்டாயப்படுத்தாதவரை மூன்றாவதைத் தொடமாட்டேன். இரண்டாவது, மூலச்சாவியை இரண்டு இடங்களில் காத்து, வருடத்துக்கு ஒருமுறையாவது ஒரு சோதனைச் சாவியில் நீக்கி மறுபடி இறக்கிப் பார்க்கும் குழுவுக்குத்தான். மற்றவர்களுக்கு முதலாவதே போதும், ஆனால் அழிப்புக்கு முன் `disable-key` கொடுத்துக் காத்திருப்பதும், அந்தக் காலத்தில் அந்தச் சாவியின் வால்யூம் மாட்டிய சர்வர்களை ஒவ்வொன்றாக ஸ்டாப், ஸ்டார்ட் செய்து பார்ப்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் எழாத சர்வரை, `enable-key` கொடுத்து மறுபடி ஸ்டார்ட் செய்தாலே எழுப்பிவிடலாம். கெடுவை யாரும் குறைக்காமலிருக்க, நிறுவன அளவிலான கொள்கையில் `kms:ScheduleKeyDeletionPendingWindowInDays` நிபந்தனை வைத்து 30க்குக் கீழ் மறுத்துவிடலாம். கிளவுட்ட்ரெயில் பதிவில் `is pending deletion` என்ற சொற்கள் வந்தால் அலாரம் அடிக்கும்படியும் வையுங்கள். அது அடித்தால், யாரோ இன்னும் அந்தச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.