எந்தப் பாட்டு: படிப் பாட்டா, நூறு–ஆயிரம் பாட்டா?

கேரளத்தின் தேவிகுளம், சித்தூர் பக்கத்துத் தமிழ்வழி வகுப்புகளில் அலகு மாற்றம் சொல்லித் தர இரண்டு பாட்டுகள்.

படிப் பாட்டு:
கிலோ, ஹெக்டோ, டெக்கா இறங்கு,
நடுவில் மீட்டர், கிராம், லிட்டர்,
டெசி, சென்டி, மில்லி இறங்கு,
படிக்கொரு பத்தால் பெருக்கு!

நூறு–ஆயிரம் பாட்டு:
மீட்டருக்குள்ளே சென்டி நூறு,
கிலோவுக்குள்ளே கிராம் ஆயிரம்,
லிட்டருக்குள்ளே மில்லி ஆயிரம்,
கேட்டவுடனே சட்டென்று கூறு!

2 கிலோ 50 கிராம் ஏலக்காய் எத்தனை கிராம்? பல பிள்ளைகள் இரண்டு எண்களையும் ஒட்டவைத்து 250 என்பார்கள். நூறு–ஆயிரம் பாட்டில் விடை நேராக வரும்: 2 × 1000 = 2000, கூட 50, ஆக 2050. ஆனால் அலகின் பெயரை விழுங்கிப் பாடினால், மீட்டரின் நூறு கிலோவில் ஏறிவிடும். விடை 250 என்றே வரும் என்பதால், ஒட்டவைத்த தவறா, நூறால் பெருக்கிய தவறா என்பது வழிமுறையைப் பார்த்தால்தான் தெரியும்.

படிப் பாட்டில் 2, 20, 200, 2000 என மூன்று தாவல். இங்கே வழுக்குவது எண்ணிக்கை. கிலோ, ஹெக்டோ, டெக்கா, கிராம் என்று பெயர்களை எண்ணினால் நாலாகி, 20,000 வந்துவிடும். கிலோவில் விரலை வைத்து ‘சுழி’ சொல்லிவிட்டு, தாவலை மட்டும் எண்ண வேண்டும். ஏறும்போது பத்தால் வகுக்க வேண்டும்; பாட்டில் அது இல்லை, வாயால் சொல்லித் தரணும்.

ஆனால் 35 மில்லிமீட்டர் எத்தனை சென்டிமீட்டர் என்றால் நூறு–ஆயிரம் பாட்டு கைவிரிக்கும். படிப் பாட்டில் ஒரு படி ஏறினால் 3.5.

தசமம் வரும்வரை நூறு–ஆயிரம், பிறகு படி. சதுர மீட்டருக்கு இரண்டும் உதவாது. அங்கே படிக்கு நூறு.