முடிவுப் பதிவேடு: ஸ்லைடிலிருந்தா, மினிட்ஸிலிருந்தா?

ஸ்டியரிங் கமிட்டி எடுத்த முடிவுகளைப் பதிவேடாக்க உட்காரும்போது இரண்டு ஆவணங்கள் கையில் இருக்கும். ஒன்று கூட்டத்துக்கு முன்பே தயாரான ஸ்லைடுத் தொகுப்பு, மற்றொன்று கூட்டம் முடிந்தபின் எழுதிய மினிட்ஸ். முடிவு, காரணம், மாற்றுவழி, தேதி என நான்கு கட்டங்களையும் ஸ்லைடை மட்டும் பார்த்தே நிரப்பிவிடப் பலருக்கும் தோன்றும், ஏனென்றால் நான்குமே அதில் இருப்பதுபோல் தெரியும்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ் அமைப்பு உறுப்பினர் சந்தா வாங்கும் முறையை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 3 தேதியிட்ட தொகுப்பின் 7-ஆவது ஸ்லைடில், "ஒப்புதலுக்கு: பேநவ், ஜைரோ இரண்டும் ஜூனில் தொடக்கம்" என்று இருக்கிறது. மார்ச் 12 அன்று கூடிய கமிட்டி பேநவ்வை மட்டும் ஏற்று, ஜைரோவைத் தள்ளிவைத்தது.

ஸ்லைடை மட்டும் நம்பினால், நடக்காத முடிவு தவறான தேதியோடு பதிவாகிவிடும். "ஒப்புதலுக்கு" என்பது கோரிக்கைதான். அதை நம்பி யாராவது ஜைரோ படிவங்களைத் தயார்செய்யவும் தொடங்கிவிடலாம்.

மினிட்ஸை மட்டும் எடுத்தால் முடிவும் தேதியும் சரியாக இருக்கும். ஆனால் அதில் இருப்பது "பேநவ் ஏற்கப்பட்டது, ஜைரோ ஒத்திவைக்கப்பட்டது" என்ற ஒரே வரி. ஜைரோவில் சந்தா தானாகக் கழியும், ஆனால் ஒவ்வொருவரும் முதலில் வங்கிக்கு அனுமதி தர வேண்டும். பேநவ் க்யூஆர் உடனே தயாராகிவிடும், ஆனால் உறுப்பினரே நினைவாகச் செலுத்த வேண்டும். இந்த ஒப்பீடு தொகுப்பின் கடைசியில், பின்னிணைப்பு ஸ்லைடில்தான் கிடக்கும். புதிய பொருளாளர் "ஏன் ஜைரோ வைக்கவில்லை?" என்று கேட்டால் மினிட்ஸில் பதில் இருக்காது.

அதனால் இரண்டையும் சேர்ப்பதுதான் என் தேர்வு. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் மினிட்ஸிலிருந்து முடிவும் தேதியும், அப்புறம் ஸ்லைடிலிருந்து மாற்றுவழிகள். காரணத்தில் மட்டும் கவனம் தேவை. ஸ்லைடில் இருப்பது முன்மொழிந்தவரின் காரணம். கமிட்டி ஜைரோவைத் தள்ளிவைத்தது படிவங்களைக் கையாள அலுவலகத்தில் ஆள் இல்லை என்பதற்காக இருக்கலாம். அதைச் செயலாளரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். தெரியாவிட்டால் "காரணம் பதிவாகவில்லை" என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

பதிவு இப்படி அமையும்:

முடிவு 14: சந்தா பேநவ் வழியாக மட்டும்.
காரணம்: ஜைரோ படிவங்களைக் கையாள ஆள் இல்லை (செயலாளர் உறுதிசெய்தது).
மாற்றுவழி: பேநவ்வும் ஜைரோவும் சேர்த்துத் தொடங்குவது; ஜைரோ ஒத்திவைக்கப்பட்டது.
தேதி: மார்ச் 12.
ஆதாரம்: மினிட்ஸ், ஸ்லைடு 7, பின்னிணைப்பு.

அடுத்த கூட்டத்தில் மினிட்ஸைத் திருத்தினால் இந்தப் பதிவையும் திருத்துங்கள். பின்னாளில் ஜைரோவை ஏற்றால் 14-ஐ அழிக்காமல் புது எண்ணில் பதிந்து, 14-இல் "மாற்றப்பட்டது" என்று அந்தப் புது எண்ணைக் குறிப்பிடுங்கள்.