‘ரேம் போதாது’ என்றால் பணம் கொடுக்காதீர்கள்: பழைய மேக் விளையாட்டு வைத்திருப்பவர்களுக்கு

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் என் தம்பிக்கு நடந்தது இது. அவன் ஏற்காட்டில் இருக்கிறான். 2012 மாடல் மேக்புக் ப்ரோவை பாட்டரி மாற்றக் கொடுத்தான். திரும்ப வாங்கும்போது, “சாஃப்ட்வேரையும் புதுசாக்கிட்டோம் சார்” என்றார்கள். அவன் கேட்கவே இல்லை. மொஹாவி ஓஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த மேக், அதற்கு அடுத்த கேட்டலினாவுக்கு மாறியிருந்தது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பல வருடமாக ஆடிவந்த நகரம் கட்டும் விளையாட்டு திறக்கவில்லை. அதன் ஐகான் மேல் வட்டமும் குறுக்குக் கோடும் விழுந்திருந்தன. தயாரித்தவர் இதைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. மறுபடி மலை இறங்கிக் கடைக்குப் போனான். ரேம் போதாது என்று சொல்லி, 4 ஜிபியை 8 ஆக்கி, பணம் வாங்கிக்கொண்டார்கள். அப்போதும் திறக்கவில்லை. அடுத்து, டிஸ்க் கெட்டுவிட்டது, ஃபார்மட் போட வேண்டும் என்றார்கள். அப்போதுதான் எனக்கு போன் செய்தான்.

ரேமும் டிஸ்க்கும் இதில் குற்றவாளியே இல்லை. அந்த விளையாட்டு 32 பிட் நிரல். திரையில் படம் காட்ட, ஒலி எழுப்ப, ஃபைலைத் திறக்க என்று எல்லாவற்றுக்கும் அது மேக்கோடு வரும் 32 பிட் லைப்ரரிகளைத்தான் கூப்பிடும். 2019 அக்டோபரில் வந்த கேட்டலினாவில் (10.15) அந்த ஆதரவை ஆப்பிள் அடியோடு எடுத்துவிட்டது. மொஹாவிதான் கடைசி. எத்தனை ஜிபி போட்டாலும் இல்லாத லைப்ரரி வந்துவிடாது. ஐகானில் அந்தக் குறுக்குக் கோட்டைப் பார்த்ததுமே கடைக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே ரேம் விற்றார்களோ, தெரியாமலோ, இரண்டுமே எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் டெர்மினலில் இதைப் போடுங்கள். Game என்ற இடத்தில் உங்கள் விளையாட்டின் பெயர் வர வேண்டும்.

```
file "/Applications/Game.app/Contents/MacOS/"*
```

விடையில் `i386` மட்டும் இருந்தால் 32 பிட். கூடவே `x86_64` இருந்தால் கோளாறு வேறு எங்கோ. மொஹாவியிலேயே இருப்பவர்கள் அப்டேட் போடும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய ஓஎஸ்ஸுக்கு இறங்கவே முடியாது என்றும் கடையில் சொன்னார்கள். அதுவும் பொய். டிஸ்க் யுட்டிலிட்டியில் கேட்டலினாவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஏபிஎஃப்எஸ் வால்யூம் சேர்த்து, யுஎஸ்பி இன்ஸ்டாலர் வழியாக அதில் மொஹாவி போட்டோம். எதையும் அழிக்கவில்லை, ஆனாலும் முதலில் டைம் மெஷினில் பேக்கப் எடுத்துக்கொண்டோம். ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேக்கை ஆன் செய்தால் எந்த ஓஎஸ் என்று கேட்கும். பழைய சேவ் ஃபைல்களை நகலெடுத்து வைத்ததும், அவன் விட்ட இடத்திலிருந்தே விளையாட்டு திறந்தது.

மொஹாவியோ அதற்கு முந்தையதோ போட்டு விற்ற மேக்குகளில்தான் இந்த வழி நடக்கும். எம்1, எம்2 வைத்திருப்பவர்கள் முயற்சி செய்ய வேண்டாம். அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்பு கிடைத்தால், விண்டோஸ் நிரல்களை மேக்கில் ஓட்டும் கிராஸ்ஓவரில் ஓடுகிறதா என்று இலவச சோதனைப் பதிப்பில் பார்த்துவிட்டு, அப்புறம் காசு கொடுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ‘ஓஎஸ் அப்டேட் செய்யக் கூடாது’ என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி, அதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியிடம் அப்படி எதுவும் இல்லாததால், ரேம் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்று கடையில் கையை விரித்துவிட்டார்கள்.