பங்காளி வழக்கு இரண்டு: துரியோதனன் கேட்டதும் ரென்லி கேட்டதும்

துரியோதனன் பிறந்தபோது திருதராட்டிரன் பெரியவர்களைக் கூட்டி ஒரு கேள்வி கேட்டான். தருமன்தான் மூத்தவன், அரசு அவனுக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அவனுக்குப் பிறகாவது என் மகன் அரசனாவானா என்பதுதான் கேள்வி. அவன் பேசி முடித்ததும் நரிகள் ஊளையிட்டன என்கிறது ஆதி பருவம். நரியின் ஊளைதான் பலருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. பதினெட்டு நாள் போரில் முடிந்த வழக்கில் எதிர்த்தரப்பின் தகப்பனே முதல் நாளில் தருமனின் மூப்பை ஒப்புக்கொண்டிருக்கிறான்.

அப்படியானால் துரியோதனன் எதைப் பிடித்துக்கொண்டு வழக்காடினான்? அதைப் பார்க்க, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையில் வரும் ஸ்டானிஸ், ரென்லி என்ற அண்ணன் தம்பி சண்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது உதவும். இரண்டும் ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் அரியணைச் சண்டைதான். வழக்கின் அடிப்படைதான் முற்றிலும் வேறு.

முதலில் அஸ்தினாபுரம். திருதராட்டிரன் மூத்தவன், ஆனால் பார்வை இல்லை என்று ஒதுக்கப்பட்டான். இளையவன் பாண்டுவுக்கு முடி சூட்டினார்கள். பாண்டு காட்டுக்குப் போய் அங்கேயே இறந்ததும் நாடு திருதராட்டிரன் கையில் இருந்தது. சிக்கல் இங்கேதான். பாண்டுவுக்குக் கொடுத்தது அவன் ஆயுளுக்கு மட்டுமா, அவன் வம்சத்துக்கா? முடி சூட்டிய அன்று யாரும் இதைச் சொல்லி வைக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு நகரத்து மக்கள் தெருவில் பேச ஆரம்பித்தார்கள். பார்வை இல்லாததால் அன்று அரசு பெறாதவன் இன்று எப்படி அரசன், தருமனுக்கே முடி சூட்டுவோம் என்றார்கள். அது காதில் விழுந்ததும் துரியோதனன் தகப்பனிடம் ஓடினான்.

அவன் அங்கே சொன்ன வாதம் மகாபாரதத்திலேயே எனக்கு மிகவும் நேர்மையாகத் தோன்றும் பேச்சுகளில் ஒன்று. பாண்டுவின் சொத்து அவன் மகனுக்குப் போனால், அடுத்து அந்த மகனின் மகனுக்கு, பிறகு அவன் மகனுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். நாமும் நம் பிள்ளைகளும் ராஜவம்சத்திலிருந்தே விலக்கப்பட்டு, பிறர் போடும் சோற்றைத் தின்று காலம் தள்ளுவோம் என்றான். பேராசையைவிடப் பயம்தான் இதில் அதிகம் தெரிகிறது. ஒரு கிளை ஒருமுறை ஒதுங்கினால் அந்தக் கிளைக்கு அரசு திரும்பி வராது என்பதை அவன் சரியாகவே கணித்திருக்கிறான்.

பயம் நியாயமானதுதான். உரிமை நியாயமானதா என்றால், இல்லை. அதே குடும்பத்தில் இதே வழக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்து தீர்ந்திருக்கிறது. பிரதீபனுக்கு மூன்று மகன்கள்: தேவாபி, பாஹ்லீகன், சந்தனு. மூத்த தேவாபிக்குத் தோல் நோய். தகப்பன் அவனுக்கே பட்டம் கட்டத் தயாரானபோது பெரியவர்களும் குடிமக்களும் தடுத்தார்கள். அவன் காட்டுக்குப் போனான். பாஹ்லீகன் தாய்மாமன் நாட்டுக்குப் போய்விட, இளைய சந்தனுவுக்கு அரசு வந்தது. பிறகு அது சந்தனுவின் வழியிலேயே இறங்கியது. உடல் குறையால் மூத்தவனை ஒதுக்கினால் இளையவனின் வம்சம் தொடரும் என்பது அந்த வீட்டின் நடைமுறை. துரியோதனனின் தகப்பன் உட்கார்ந்திருந்த நாற்காலியே அப்படி வந்ததுதான்.

கண்ணன் தூது வந்த சமயத்தில், சபையில் இந்தக் கதையை மகனுக்கு எடுத்துச் சொன்னவன் வேறு யாருமில்லை, திருதராட்டிரன்தான். எனக்கே அரசுக்குப் பாத்தியதை இல்லாதபோது நீ எப்படி அதை விரும்புகிறாய் என்று உத்தியோக பருவத்தில் நேராகவே கேட்கிறான். தகப்பன் வழியாக உரிமை கோரும் மகனுக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. மகனுக்கு இதையெல்லாம் சொன்னவன் மகனைத் தடுக்கவில்லை என்பதுதான் திருதராட்டிரனின் குற்றம்.

துரியோதனனுக்கு இன்னொரு கதவு திறந்திருந்தது. பாண்டவர்கள் பாண்டுவின் ரத்தம் இல்லை என்று சொல்லலாம். ஆயுதப் பயிற்சி அரங்கத்தில் கர்ணனை பீமன் இழிவாகப் பேசியபோது, உங்கள் பிறப்பும் எங்களுக்குத் தெரியும் என்று துரியோதனன் லேசாகத் தொட்டும் இருக்கிறான். அதற்கு மேல் அந்த வழியில் போனால் அவனுக்கே ஆபத்து. திருதராட்டிரனும் பாண்டுவும் விசித்திரவீரியனின் ரத்தம் இல்லையே, இருவருமே வியாசருக்குப் பிறந்தவர்கள்.

இப்போது ரென்லி. அந்தக் கதை நடக்கும் வெஸ்டராஸில் சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசனுக்குப் பின் மகன், மகன் இல்லையென்றால் அடுத்த தம்பி. இறந்துபோன அரசன் ராபர்ட் இவர்களின் மூத்த அண்ணன். அவனுடைய பிள்ளைகள் அவனுக்குப் பிறந்தவர்கள் இல்லை என்றால் அரியணை ஸ்டானிஸுக்கு. கடைசித் தம்பி ரென்லிக்கு எந்தக் கணக்கிலும் முதலிடம் கிடையாது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் பிறப்பை ஸ்டானிஸால் நிரூபிக்க முடியவில்லை. கடிதம் எழுதி அனுப்புகிறான், நம்புகிறவர்கள் குறைவு.

ரென்லி சட்டத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. ராபர்ட்டுக்கு மட்டும் என்ன உரிமை இருந்தது, சம்மட்டியால்தானே அரியணையை வென்றான் என்று கேட்டுவிட்டு, தன் பாசறையில் எரியும் நெருப்புகளைக் காட்டி இதுதான் என் உரிமை என்கிறான். ஸ்டார்ம்ஸ் எண்ட் கோட்டைக்கு வெளியே அண்ணனைச் சந்திக்க வரும்போது, காலாட்படையைப் பின்னால் விட்டுவிட்டுக் குதிரைப்படையோடு மட்டும் வந்தும், அவன் பக்கம் அண்ணனைவிடப் பல மடங்கு ஆள்பலம் இருந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் துரியோதனனை ரென்லியோடும் தருமனை ஸ்டானிஸோடும் பொருத்தத் தோன்றும். நான் அப்படிப் பொருத்த மாட்டேன். தான் வாங்க வேண்டியதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற காயம் ஸ்டானிஸிடம்தான் இருக்கிறது. ராபர்ட்டின் கலகத்தின்போது முற்றுகையிடப்பட்ட ஸ்டார்ம்ஸ் எண்டை எலி தின்று காத்தவன் அவன். போர் முடிந்ததும் அந்தக் கோட்டை ரென்லிக்குப் போனது, இவனுக்குக் கிடைத்தது டிராகன்ஸ்டோன் பாறைத் தீவு. அந்தப் புழுக்கம் துரியோதனனுடைய புழுக்கத்துக்கு நெருங்கிய உறவு. ஸ்டானிஸுக்குச் சட்டமும் துணை நின்றது, துரியோதனனுக்கு நிற்கவில்லை. ஆனால் துரியோதனன் கடைசி வரை வாரிசுக் கணக்கிலேயே வாதாடினான். அந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்தவன் ரென்லி ஒருவன்தான். ரென்லியின் வாதத்தை ஏற்றால், நாளை அவனைவிடப் பெரிய படையோடு வருகிறவனுக்கும் அதே உரிமை உண்டு. அரசாட்சிக்கு அதைவிட ஆபத்தான அடித்தளம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சமரசம் பேசிய விதத்திலும் வித்தியாசம் தெரிகிறது. பாதி நாட்டுக்கு உரிமையுள்ள தருமன் ஐந்து ஊர் போதும் என்று இறங்கி வந்தான். ஊசிமுனை குத்தும் அளவு மண்கூடக் கிடையாது என்றான் துரியோதனன். ஸ்டானிஸ் கொடுக்க முன்வந்தது உண்மையிலேயே பெரிது. கோட்டையை வைத்துக்கொள், அவையில் இடம் தருகிறேன், எனக்கு மகன் பிறக்கும்வரை நீயே என் வாரிசு என்றான், விடியும்வரை அவகாசமும் கொடுத்தான். ரென்லி ஒரு பீச் பழத்தை எடுத்து அண்ணனிடம் நீட்டிவிட்டுத் தானே கடித்துத் தின்றான். அன்று விடிவதற்குள் ஸ்டானிஸின் மந்திரக்காரி மெலிசாண்டிரே ஏவிய நிழல் அவனைக் கொன்றது. அவன் கூட்டி வந்த குதிரைவீரர்களில் பெரும்பாலோர் ஸ்டானிஸ் பக்கம் போனார்கள்.

மூப்பைப் பற்றிய கடைசிச் செய்தி குந்தியிடம் இருந்தது. கண்ணன் கர்ணனைத் தனியே அழைத்து, சட்டப்படி நீயே பாண்டுவின் மூத்த மகன், முடி உனக்குத்தான் என்றான். கர்ணன் மறுத்தான். தருமனுக்கு இதைச் சொல்லிவிடாதே, தெரிந்தால் அரசை எனக்கே கொடுத்துவிடுவான், நான் அதைத் துரியோதனனுக்குக் கொடுத்துவிடுவேன் என்றான். கண்ணனும் சொல்லவில்லை. போர் முடிந்து கங்கைக் கரையில் இறந்தவர்களுக்கு நீர் விடும்போது, கர்ணனுக்கும் விடு, அவன் உன் அண்ணன் என்று குந்தி சொன்னபோதுதான் தருமனுக்குத் தெரிந்தது.