காட்டுப் பக்கமா, கரட்டுப் பக்கமா? தெளியாத எழுத்தைத் தட்டச்சில் காட்டும் நான்கு வழிகள்

கையெழுத்துக் கடிதத்தின் படத்தைப் பார்த்து அடிக்கும்போது அடிக்கடி தடுக்குவது துணைக்காலும் ரகரமும்தான். ரகரத்தின் கீழ்வால் அவசர எழுத்தில் பல நேரம் விழுவதில்லை; அப்போது அது துணைக்கால் போலவே தெரியும். கொங்குப் பக்கத்துக் கடிதம் ஒன்றில் ‘ஆட்டைக் காட்டுப் பக்கம் ஓட்டாதே’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ‘கரட்டுப் பக்கம்’ ஆகவும் இருக்கலாம். காடு அங்கே மானாவாரி நிலம். கரடு பாறை மேடு. ஆடு இரண்டிலும் மேயும்.

முதல் வழி, பொருந்துவதை அடித்துவிட்டுப் போவது. படிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் அந்த இடத்தில் சந்தேகம் இருந்ததே பிறகு யாருக்கும் தெரியாது. படம் தொலைந்துவிட்டால் நம் ஊகமே கடிதமாகிவிடும். இதை அடியோடு தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது, சொல்லை விட்டுவிட்டு [...] போடுவது. நேர்மையான வழிதான், ஆனால் தெளிவாகத் தெரிந்த ககரமும் ‘ட்டுப்’பும் சேர்ந்தே போய்விடுகின்றன. மடிப்பிலோ கறையிலோ எழுத்தே அழிந்திருந்தால் மட்டும் இது சரி. அப்போதும் [2 எழுத்து அழிந்துள்ளது] என்று அளவைச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, ஐயமான எழுத்துக்கு மட்டும் அடைப்பு. க[ர?]ட்டுப் என்று அடிக்கலாம். துணைக்கால் என்று நினைத்தால்தான் சிக்கல்: அடைப்புக்குள் அது தனியாக நிற்காது, புள்ளி வட்டத்தோடு ‘◌ா’ என்று தெரியும். கொம்புகளுக்கும் இதே கதி. சொல் உடைந்துபோவதால் ‘கரட்டு’ என்று தேடினாலும் அகப்படாது.

நான்காவது, முழுச் சொல்லையும் இரு விதமாகக் கொடுப்பது: ஆட்டைக் [காட்டுப்? / கரட்டுப்?] பக்கம் ஓட்டாதே. பார்வைக்குக் கொஞ்சம் கனம்தான். ஆனாலும் எழுத்து உடையாது, தேடினால் இரண்டும் கிடைக்கும், ஐயமும் மறையாது. தமிழுக்கு இதுவே ஏற்றது. கடிதக்காரர் வளைந்த அடைப்பைப் பயன்படுத்தியிருக்கக் கூடும் என்பதால், நம்முடையது சதுர அடைப்பாகவே இருக்கட்டும்.

அடைப்புப் போடுமுன் ஒரு சோதனை. அதே கடிதத்தில் ஐயமில்லாத ரகரங்கள் ஐந்தாறை, ‘ஊர்’, ‘நேரம்’ போன்ற சொற்களிலிருந்து, பெரிதாக்கி வெட்டி வரிசையாக வையுங்கள். துணைக்கால்களையும் அப்படியே வையுங்கள். ரகரத்தில் எங்கும் வால் இருந்து இங்கே மட்டும் இல்லையென்றால் ‘காட்டுப்’ என்றே அடிக்கலாம். அங்கும் வால் பாதிக்குப் பாதி விழாமல் இருந்தால் வடிவம் தீர்ப்புச் சொல்லாது.

அடுத்த வரியில் ‘சோளம் கதிர் வாங்குது’ என்று இருந்தால்? காடு என்ற பக்கம் வலுக்கும். ஆனால் அது பொருளை வைத்துச் செய்த ஊகம், எழுத்தைப் படித்தது அல்ல. ‘காட்டுப்’ முதலில் வரட்டும். அடைப்பை எடுக்க வேண்டாம்.

புள்ளி வைக்காத பழக்கத்தை இதோடு குழப்பக் கூடாது. ‘எனன’ என்று எழுதியிருந்தால் அது படிக்க முடியாத எழுத்தல்ல. ‘விடுபட்ட புள்ளிகள் சேர்க்கப்பட்டன’ என்று தலைப்பில் ஒருமுறை குறித்துவிட்டு ‘என்ன’ என்றே அடிக்கலாம்.