கோத்தகிரி ஹோம்ஸ்டே: ஆஃப் சீசன் சலுகைக்கு முழுப் பணம் கட்டும் முன்

நவம்பரில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்டேயில் பத்து நாளுக்கு 15,000 ரூபாய் முன்பணமாகக் கட்டிவிட்டு, நான்காம் நாளே மேட்டுப்பாளையம் இறங்கி வந்துவிட்டோம். ஒரு பைசா திரும்பவில்லை.

'சீசனில் 3,500, இப்போது 1,500. குடும்பத்தோடு தங்கலாம், இங்கிருந்தே ஆபீஸ் வேலையும் பார்க்கலாம். ஃபைபர் வைஃபை, இன்வர்ட்டர் உண்டு' என்று விளம்பரப் பதிவு. கூடவே இணைய வேகம் காட்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் தேதி இருக்கும் பகுதி வெட்டப்பட்டிருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

ஆஃப் சீசன் என்றால் கூட்டமில்லாத நாட்கள் என்றுதான் நினைத்தேன். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் மழை கொட்டும். கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். மரம் விழும், கம்பி அறும், கரண்ட் போகும்.

'கரண்ட் போனால் வைஃபை ஓடுமா?' என்று முன்கூட்டியே வாட்ஸப்பில் கேட்டிருந்தேன். 'இன்வர்ட்டர் இருக்கு சார்' என்று பதில் வந்தது. அதை 'ஓடும்' என்று எடுத்துக்கொண்டது என் தவறு. இன்வர்ட்டர் இருந்தது உண்மைதான், ஆனால் அதில் அறைக்கு ஒரு பல்ப் மட்டுமே இணைத்திருந்தார்கள். ரவுட்டர் அதில் இல்லை. இரண்டாம் நாள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பாவம், மழையில் நனைந்தபடி வந்து, ஒயர் இழுத்து ரவுட்டரையும் இன்வர்ட்டரில் மாட்டிக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் ஓடியது. அப்புறம் ஃபைபர் பெட்டியில் LOS என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. நம் பெட்டிக்கு மின்சாரம் இருந்தாலும் லைன் வரவில்லை என்று அர்த்தம். வழியில் எங்கோ கேபிள் அறுந்திருக்கலாம், ஆபரேட்டர் பக்கத்து பேட்டரி தீர்ந்திருக்கலாம். வீட்டு இன்வர்ட்டரால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. செல்போன் சிக்னலும் கேட்டருகே ஒரு கோடு மட்டும். குடை பிடித்துக்கொண்டு அங்கே நின்றுதான் மீட்டிங்கில் பேசினேன். உள்ளே மகளின் ஸ்வெட்டர் மூன்று நாளாகக் காயவில்லை.

பணத்தைக் கேட்டால், 'ரீஃபண்ட் கிடையாது, வேறு தேதி தருகிறோம்' என்றார்கள். பதிவில் இந்த நிபந்தனை இல்லை. பணம் கட்டிய பிறகு வந்த ரசீதின் அடியில் இருந்தது.

வேலையை நம்பிப் போகிறவர்கள், வீட்டுக்காரரை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நீங்கள் தங்கப்போகும் அறையிலிருந்து அந்த வைஃபையிலேயே வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். கடைசியாக நீண்ட நேரம் கரண்ட் போனபோது நெட் எவ்வளவு நேரம் இல்லாமல் போனது, உங்கள் சிம்முக்கு அறைக்குள் சிக்னல் உண்டா என்றும் கேளுங்கள். ரத்து நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். முதலில் இரண்டு இரவுக்கு மட்டும் கட்டுங்கள், மழைக்காலத்தில் அறை காலியாகத்தான் இருக்கும். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அதே பதிவு அதே ஸ்கிரீன்ஷாட்டோடு நேற்றும் என் கண்ணில் பட்டது.