மாதப் பகுதியா, வாரப் பகுதியா? டிக்கன்ஸின் இரண்டு தொடர்கதைகள்

சார்லஸ் டிக்கன்ஸ் தம் தொடர்கதைகளை இரண்டு விதமாக வெளியிட்டார். ஒன்று, மாதம் ஒருமுறை தனியாக விற்கும் மெல்லிய பகுதி: 32 பக்கம், இரண்டு படம், ஒரு ஷில்லிங். மற்றொன்று, அவரே நடத்திய வார இதழில் சில பக்கங்கள். எங்கே நிறுத்துவது என்ற கணக்கு இரண்டிலும் வேறு. அதனால் நாவலின் கட்டுமானமே மாறிப்போனது.

‘பிளீக் ஹவுஸ்’ 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை 20 மாதப் பகுதிகளாக வந்தது. கடைசி இரண்டும் சேர்ந்தே வெளியாகின. ஒரு பகுதிக்குப் பெரும்பாலும் மூன்று அத்தியாயங்கள். நட்ட நடுவில் வரும் பத்தாவது பகுதியைப் பாருங்கள். 31-ஆம் அத்தியாயத்தின் முடிவில், தொற்று நோயில் விழுந்த எஸ்தர், கதைசொல்லிகள் இருவரில் ஒருத்தி, தனக்குக் கண் தெரியவில்லை என்கிறாள். வேறொருவராக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார். டிக்கன்ஸ் நிறுத்தவில்லை. 32-இல் இன்னொரு கதைசொல்லியின் குரலுக்குத் தாவி, க்ரூக்கின் பழஞ்சாமான் கடைக்குப் போகிறார். காற்றில் கரி பறக்கிறது, ஜன்னல் விளிம்பில் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டுகிறது. நள்ளிரவில் அவனிடம் ஒரு கடிதக்கட்டை வாங்க இறங்கிப் போகிறவர்கள், க்ரூக் எரிந்து சாம்பலாகிக் கிடப்பதைக் காண்கிறார்கள். அந்த மாதம் அதோடு முடிந்தது. அடுத்த பகுதி க்ரூக்கின் மரண விசாரணையில் தொடங்குகிறது. எஸ்தர் என்ன ஆனாள் என்பது 35-இல்தான் தெரிகிறது. இரண்டு கதைச்சரடுகளை ஒரே சமயத்தில் தொங்கவிட 32 பக்கம் இடம் கொடுத்தது.

இதற்காக ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாளில் திட்டம் போட்டார். இடப்பக்கம் ‘இவரைக் கொண்டுவரலாமா?’ போன்ற கேள்விகளும் ‘இப்போது வேண்டாம்’ போன்ற பதில்களும்; வலப்பக்கம் அத்தியாயங்கள். மாதப் பகுதியின் தொல்லை பக்கக் கணக்கு. அச்சுப்படியில் 32-ஐத் தாண்டினால் வெட்ட வேண்டும், குறைந்தால் நிரப்ப வேண்டும்.

‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலையும் மாதப் பகுதிகளாகவே நினைத்திருந்தார். 1860-இல் அவருடைய வார இதழில் ஓடிய நாவலாசிரியர் சார்லஸ் லீவரின் தொடரால் விற்பனை சரிந்தது. இதழைக் காப்பாற்ற இதை வாரத் தொடராக்கினார். 36 வாரம், வாரத்துக்கு ஓரிரு அத்தியாயம்தான். ஒரு சரட்டை ஓரம் வைத்துவிட்டு இன்னொன்றுக்குத் தாவ இதில் இடமில்லை. ஒரே சரடு, தன் கதையைத் தானே சொல்லும் நாயகன் பிப்பின் ஒரே குரல் என்ற அமைப்பு இந்தச் சில பக்கங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

பெரிய திருப்பங்களை 12 வாரத்துக்கு ஒன்றாக வைத்தார். கதையின் மூன்று கட்டங்களும் அப்படித்தான் பிரிகின்றன. மூன்று தொகுதிப் பதிப்பும் அங்கேயே பிரிகிறது. 38-ஆம் அத்தியாயம், கயிறு அறுந்து கல் தலைமேல் விழும் ஒரு கீழைநாட்டுக் கதையை நினைவூட்டி முடிகிறது. 24-ஆம் வாரத்தில் வரும் 39-இல், சிறுவயதில் பிப் உதவிய பழைய கைதி படியேறி வந்து, பிப் கனவானாக வாழப் பணம் தந்தவன் தானே என்கிறான். பிப் கட்டிய கோட்டை சரிகிறது, இரண்டாம் கட்டம் முடிகிறது.

ஊர் முழுக்க ஆட்களை நிரப்பி, தொலைவில் நடப்பவற்றை ஒன்றோடொன்று கோக்க மாதப் பகுதியே உகந்தது. ஒருவனின் தவறு மெல்ல அவிழ்வதற்கு வாரப் பகுதி கூர்மையானது. அதற்குக் கொடுத்த விலை, பிப்பின் பகைவன் ஆர்லிக்: நீண்ட இடைவெளிகளில் தலைகாட்டுவதால், சுண்ணாம்புச் சூளைக்கு அருகில் பிப்பைக் கொல்ல முயலும்போது அவன் வன்மம் போதிய வேர் இல்லாமல் நிற்கிறது.